இரண்டு முறை வந்த ஒன்றரை மணி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு சிவநேசனிடமிருந்து போன் வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது என்பது வாணிக்குத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையின் குளியலறையில் ஒரு வாரத் துணியை வாளியில் முக்கிவைத்திருந்தாள். ஈரக் கையோடு எடுத்தாள்.

"வாணி, கிள்ளான் கோயில் மண்டபம் இருக்குல்ல? ஒரே நாளு ரெண்டு பேருக்குப் போயிருச்சு. ரெண்டு பேருக்கும் வாழ்த்துக்கள்னு வாட்சப் போயிருக்கு. ஓடு."

அவன் பின்னால் பூப்பந்து அடிக்கும் சத்தம் கேட்டது. சுபாங் ஜெயாவில் ஞாயிறு தவறாமல் ஆடுகிறவன்.

"நீங்க போகலையா பாஸ்?"

"நான் டபுள்ஸ்ல இருக்கேன் லா."

கோயில் மண்டபத்துக்கு முன்பதிவு சிஸ்டம் எழுதியவன் அவன். வாங்குகிற திட்டுக்கு அவள். போர்ட்டிக்சன் சாலையில் பெயர்ப்பலகை இல்லாத மாடியில், மூன்று மேசையும் ஒரு ஏர்கானும் கொண்ட கம்பெனிக்கு 'சொல்யூஷன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தான். பந்திங் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் காய் ஏற்றும் லோரி ஓட்டும் அப்பாவுக்கு மகளாய்ப் பிறந்து, அந்த வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, கடைசியில் ஒருத்தனின் டபுள்ஸ் ஆட்டத்துக்காக ஈரத் துணியை வாளியிலேயே விட்டு ஓடுவதற்குத்தான் நான்கு வருஷம் கணினி படித்தோமா என்று ரயில் ஏறும்வரை அவளுக்குக் கொதித்தது. ரயிலில் உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் திறந்தாள். கொதிப்பு கூடியது.

விஷயம் இதுதான். தை மாதக் கடைசி ஞாயிறுக்கு மண்டபத்தை அமுதவள்ளி என்ற பெண் தன் கல்யாணத்துக்குப் பிடித்துவைத்திருந்தாள். பிடித்துவைத்தால் மட்டும் போதாது. குறித்த கெடுவுக்குள் 'உறுதி' பட்டனைத் தட்டவேண்டும். தட்டாவிட்டால் நாள் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். கெடு இன்று, அக்டோபர் இருபத்தாறு, காலை ஒன்பது மணி. தினமும் பத்து மணிக்கு ஒரு நிரல் தானாக எழுந்து, நிலுவையில் இருக்கும் கெடுக்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, தவறவிட்டவர்களின் நாளை அடுத்தவருக்கு ஒதுக்கும்; இன்னொரு நிரல் தன் பங்குக்கு நேரத்தைப் பார்த்து, உறுதியானவர்களுக்கு ஒட்டுமொத்தமாக வாட்சப் அனுப்பும்.

உறுதியைத் தட்டியது அமுதவள்ளி அல்ல. மாப்பிள்ளை. அவர் இருப்பது லண்டனில். அவர் தட்டிய நேரமாக சிஸ்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: அக்டோபர் 26, மணி 01:30, லண்டன்.

வாணி அந்த வரியைப் பார்த்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். அக்டோபர் கடைசி ஞாயிறு.

"அட சனியனே," என்றாள் சத்தமாக. எதிர் இருக்கைக்காரர் தன் பையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

ஷா ஆலம் தாண்டுவதற்குள் மூன்று முறை சிவநேசனைக் கூப்பிட்டாள். மூன்று முறையும் அவன் ஆட்டத்தில் இருந்தான்.

*

கோயில் அலுவலகத்தில் வாணி நுழைந்தபோது பன்னிரண்டேகால். உள்ளே சண்டை நல்ல நிலையில் இருந்தது.

மேசைக்குப் பின்னால் மண்டபக் கமிட்டித் தலைவர் சின்னையா, எழுபது வயது, துறைமுகத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். பக்கத்தில் செயலாளர் பக்கிரிசாமி, தங்க பிரேம் கண்ணாடி, விரலில் மூன்று மோதிரம். எதிரே நின்றுகொண்டிருந்தவள் அமுதவள்ளி. பண்டமாரானில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. முப்பத்தாறு வயது. கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த வாழ்த்தை எல்லார் முகத்துக்கும் நேராகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்னா போட்டிருக்கு? படிங்க. 'தங்கள் மண்டபம் உறுதி'. தமிழ்லதானே இருக்கு?"

"எனக்கும்தாம்மா வந்திருக்கு," என்று பக்கிரிசாமி தன் போனைக் காட்டினார். "'காத்திருப்பிலிருந்து தங்களுக்கு நாள் ஒதுக்கப்பட்டது'. எனக்கு வந்தது மட்டும் என்ன சீன பாஷையா?"

வாணி குறுக்கிட்டாள். "நான் கம்பெனியிலேர்ந்து வரேன். காத்திருப்புல இருந்தது யாரு?"

"கிள்ளான் கரவோக்கே அன்பர் கழகம்," என்றார் பக்கிரிசாமி. "வருஷாந்திர விருந்து. நான்தான் கழகத் தலைவர்."

"நீங்கதான் மண்டபத்துக்குச் செயலாளரும்?"

"அது வேற பதவி, இது வேற பதவி. கலந்து பேசாதம்மா."

அமுதவள்ளி வாணி பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழுததால் இல்லை. "தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அவருக்கு ஆஸ்பத்திரில லீவு வருஷத்துக்கு ஒரே தடவைதான் சேர்ந்தாப்ல கிடைக்கும். தையில ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரத்துல மண்டபம் காலியா இருக்கிற ஒரே ஞாயிறு இதுதான். நேத்து ராத்திரிதான் லீவே கையெழுத்தாச்சு, அதான் கடைசி நேரத்துல தட்டினார். இது போச்சுன்னா இன்னும் ஒரு வருஷம். ஏற்கனவே ரெண்டு வருஷம் தள்ளியாச்சு. இன்னொரு தடவை தள்ளுனா எங்க அம்மாவே வேற மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிரும்."

"கரவோக்கேவுக்கும் டிரம்ஸ் அடிக்க சென்னையிலேர்ந்து ஆள் வருது," என்றார் பக்கிரிசாமி.

அமுதவள்ளி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சின்னையா மேசையைத் தட்டினார். "சண்டை வேணாம். கம்பெனிக்காரப் பொண்ணு வந்திருச்சு. எத்தனை மணிக்கு மாப்பிள்ளை தட்டினார்னு சொல்லட்டும். ஒன்பதுக்கு முன்னாடின்னா கல்யாணம். பின்னாடின்னா பாட்டு. முடிஞ்சுது."

"லண்டன் மணி ஒன்றரைக்கு அங்கிள்."

"நமக்கும் லண்டனுக்கும் எவ்வளவு?"

"ஏழு மணி நேரம்."

"அப்போ எட்டரை. கல்யாணம்."

அமுதவள்ளி நெஞ்சில் கை வைத்தாள்.

"இல்லாட்டி எட்டு மணி நேரம்," என்றாள் வாணி.

"அப்போ ஒன்பதரை. பாட்டு." சின்னையா நிமிர்ந்தார். "ஏம்மா, ஏழா எட்டா? லண்டன் என்ன, தோணி மாதிரி நகருதா?"

இதை எப்படிச் சொன்னாலும் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும் என்று வாணிக்குத் தெரிந்தது. சொல்லித்தான் ஆகவேண்டும்.

"வெயில் காலத்துல அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிருப்பாங்க அங்கிள். அப்ப வித்தியாசம் ஏழு. அக்டோபர் கடைசி ஞாயிறு விடியக்காலையில அதைத் திருப்பிப் பின்னால வைப்பாங்க. அதுக்கப்புறம் எட்டு. அது இன்னிக்குத்தான். லண்டன்ல இன்னிக்கு விடியக்காலை மணி ஒண்ணு ஆச்சு, ஒன்றரை ஆச்சு, ரெண்டு ஆகப்போற நேரத்துல மறுபடியும் ஒண்ணுன்னு வச்சுட்டாங்க. திரும்பவும் ஒன்றரை ஆச்சு. அதுக்கப்புறம்தான் ரெண்டு."



"ஒரே மணி," என்றார் சின்னையா மெதுவாக, "ரெண்டு தடவை வந்துச்சா?"

"ஆமா அங்கிள்."

"அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா?"

"அரசாங்கம்தான் செய்யுது."

சின்னையா பக்கிரிசாமியைப் பார்த்தார். பக்கிரிசாமி சின்னையாவைப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக இருவரும் ஒரே கட்சியில் இருந்தார்கள்.

"அதனாலதான் வெள்ளைக்காரன் நம்மளை அவ்வளவு வேலை வாங்கினான்," என்றார் சின்னையா. "ஒரு மணியை ரெண்டு தடவை வச்சிருக்கான்."

*

இரண்டு வாட்சப் போன காரணத்தையும் வாணி சொன்னாள். வாட்சப் அனுப்பும் நிரலை சிவநேசன் எழுதினான். கெடுவை ஒப்பிடும் நிரலை அவளுக்கு முன்னால் வேலை செய்து ஓடிப்போனவன் எழுதினான். 'லண்டன் ஒன்றரை' என்ற எழுத்தை இரண்டும் தனித்தனியாகப் படித்து மலேசிய நேரமாக மாற்றிக்கொள்கின்றன. ஒன்றரை இரண்டு தடவை வரும் நாளில், ஒரு நிரல் முதலாவது ஒன்றரையை எடுத்துக்கொண்டது, மற்றது இரண்டாவதை. இரண்டுமே சந்தேகம் கேட்கவில்லை. ஒன்று எட்டரை என்று வாழ்த்தியது, மற்றது ஒன்பதரை என்று கழித்தது. இரண்டும் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுத் தூங்கப் போய்விட்டன.

"அப்ப மாப்பிள்ளையையே கேட்போம்," என்றார் சின்னையா. "எந்த ஒன்றரைக்குத் தட்டினார்னு அவருக்குத் தெரியாதா? கூப்பிடும்மா."

அமுதவள்ளி கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். அங்கே விடியக்காலை நாலரை. மாப்பிள்ளை கிஷன், ஆஸ்பத்திரி வார்டில் இரவு டியூட்டி நர்ஸ். கிசுகிசுப்பாகப் பேசினான்.

"வள்ளி, நான் துணி அடுக்கற லினன் ரூம்ல ஒளிஞ்சு பேசறேன். சீக்கிரம் சொல்லு."

"தம்பி, நான் சின்னையா, மண்டபத் தலைவர். நீங்க எந்த ஒன்றரைக்குத் தட்டினீங்க? முதல் ஒன்றரையா, ரெண்டாவதா?"

எங்கோ ஒரு இயந்திரம் பீப் பீப் என்றது.

"அங்கிள், எனக்கு இன்னிக்குப் பதிமூணு மணி நேர டியூட்டி. பன்னிரண்டுதான் வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தை நான் ரெண்டு தடவை வேலை செஞ்சேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"யோசிச்சுப் பாருங்க. டீ குடிச்சப்புறமா?"

"ரெண்டு டீ குடிச்சேன்."

"எந்த டீக்கு அப்புறம்?"

"ஒன்றரை மணி டீக்கு அப்புறம்."

பக்கிரிசாமி சிரித்துவிட்டார். அமுதவள்ளி மேசையில் இருந்த ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"நோயாளிக்கு மருந்து கொடுத்தா நேரம் எழுதுவீங்கள்ல?" என்றாள் வாணி. "அதுல பாருங்க அண்ணே."

"இந்த ஒரு ராத்திரி மட்டும் எங்க ஆஸ்பத்திரில கம்ப்யூட்டரை மூடிருவாங்கம்மா. மருந்து நேரம் ரெண்டு தடவை விழக்கூடாதுன்னு. பேப்பர்ல எழுதுவோம். நான் பேப்பர் எழுதிட்டுத்தான் தட்டினேன். போன்ல ஒன்றரைன்னு பார்த்தேன். போனை லாக்கர்ல வச்சிட்டேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். பெல் அடிக்குது, போறேன். வள்ளி, நம்ம கல்யாணம் இருக்குல்ல?"

"வை போனை," என்றாள் அமுதவள்ளி.

ஆஸ்பத்திரிக்காரனுக்கு இருக்கிற பயம் சிவநேசனுக்கு இல்லையே என்று வாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்ச் மாதமே சொல்லியிருந்தாள். நேரத்தை எழுத்தாக வைக்காதீங்க பாஸ், எண்ணாக வைங்க. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது ஜனவரி ஒண்ணாம் தேதி, உலகப் பொது நேரப்படி நாள் தொடங்கினதிலேர்ந்து எத்தனை வினாடி ஓடியிருக்குங்கிற எண்ணு. லண்டன்ல தட்டினாலும் கிள்ளான்ல தட்டினாலும் அந்தக் கணத்துக்கு ஒரே எண்ணுதான். எவன் கடிகாரத்தை முன்னால வச்சாலும் பின்னால வச்சாலும் அந்த எண்ணு ஏறிக்கிட்டே போகும், திரும்பி வராது. ரெண்டு எண்ணுல எது சின்னதுன்னு பார்த்தா போதும். ஆளுங்களுக்குக் காட்டும்போது மட்டும் அந்த ஊரு மணியா மாத்திக் காட்டிக்கலாம்.

சிவநேசன் சொன்னான்: "கமிட்டி அங்கிளுக்குப் பத்து இலக்கத்துல எண்ணைக் காட்டுவியா? அவங்க எழுத்துல பார்த்தாத்தான் நம்புவாங்க. ஓடுறதை நோண்டாத வாணி."

ஆகஸ்டில் அவள் நோண்டினாள். அவனிடம் சொல்லாமல். உறுதி தட்டும்போது சர்வருக்கு அது வந்து சேரும் கணத்தை, சர்வரின் சொந்தக் கடிகாரப்படி, வினாடி எண்ணாகத் தரவு அட்டவணையின் ஒரு கூடுதல் பத்தியில் போட்டுவைக்கும்படி ஒரு வரி எழுதினாள். எந்தத் திரையும் அதைக் காட்டாது. எந்த நிரலும் அதைப் படிக்காது. அது அங்கே இருப்பது உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரியும்.

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பத்தியைத் திறந்தாள்.

1761442217.

இன்றைய கிள்ளான் ஒன்பது மணி 1761440400. மனதில் கழித்தாள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழு. முப்பது நிமிஷமும் பதினேழு வினாடியும். இரண்டாவது ஒன்றரை. லேட்.

நிமிர்ந்தபோது அமுதவள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கையோடு. அதுதான் கஷ்டம். திரையில் எட்டரை என்று ஏற்கனவே ஒரு நிரல் சொல்லியிருக்கிறது. அதுதான் சரி, மற்றது பிழை என்று வாணி ஒரு வாய் சொன்னால் போதும். கரவோக்கேக்காரர் எந்த சர்வரைத் திறந்து பார்க்கப்போகிறார்? மடிக்கணினியை மூடலாம். ரயில் ஏறலாம். துணி துவைக்கலாம்.

ஆனால் ஏழு மாதமாக அவள் கத்தியது இந்த ஒரு எண்ணுக்காகத்தான். பிடிக்கிற எண்ணு வந்தா மட்டும் காட்டுறதுக்கு இல்லை.

"ரெண்டாவது ஒன்றரை," என்றாள். "நம்ம மணிக்கு ஒன்பது முப்பது, பதினேழு வினாடி. எங்கிட்ட கணக்கு இருக்கு. மன்னிச்சிருங்கக்கா."

"யெஸ்!" என்றார் பக்கிரிசாமி. எழுந்தே விட்டார்.

அமுதவள்ளி கையிலிருந்த ஸ்டேப்ளரை மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள். "ஏன்டி, நீ எங்கிட்ட வந்து உட்கார்ந்து, நல்ல பொண்ணாட்டம் முகத்தை வச்சுக்கிட்டு... நீ சும்மாவே இருந்திருக்கலாம்ல? உங்க மிஷின் எனக்கு எட்டரைன்னு குடுத்துச்சு. நீ எதுக்கு உள்ள பூந்து நோண்டுன?"

"அது தப்பான எட்டரைக்கா."

"எனக்குத் தப்பே போதும்!"

சின்னையா திரையை எட்டிப் பார்த்தார். "எங்க ஒன்பது முப்பது? இங்க என்னமோ போன் நம்பர்ல இருக்கு."

"அதுதான் நேரம் அங்கிள். வினாடி."

"இது போன் நம்பர்மா. ஒண்ணு ஏழு ஆறுன்னு ஆரம்பிக்குது. முன்னால சைபர் விட்டுப்போச்சு."

"போன் நம்பர் இல்ல அங்கிள்."

அவர் சைபர் சேர்த்து அழுத்திப் பார்த்துவிட்டார். பயன்பாட்டில் இல்லாத எண் என்று மலாயில் ஒரு பெண் சொன்னாள். "எடுக்கலை," என்றார் சின்னையா, அந்த எண்ணின் நம்பகத்தன்மை மீது சந்தேகத்தோடு.

*

பக்கிரிசாமி ஏற்கனவே கழகத்து ஆட்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தார். "மண்டபம் கன்ஃபார்ம், டிரம்ஸ்காரர்கிட்ட சொல்லிருங்க." அமுதவள்ளி நாற்காலியில் உட்கார்ந்து போனை வெறித்தாள். கிஷனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

வாணி தரவைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். இரண்டு பேருக்குப் போன நாளை ஒருவருக்கு ஆக்கவேண்டும். இந்தத் தடவை எழுத்தை எழுத்தோடு ஒப்பிடப்போவதில்லை. எண்ணோடு எண். ஒரு பக்கம் 1761442217. மறுபக்கம் கெடு. கெடுவோ எழுத்தாகக் கிடந்தது: 26/10/2025, 9.00. எந்த ஊர் மணி என்றுகூட இல்லை. மனதில் கழித்தபோது கிள்ளான் மணி என்று அவளாகத்தான் வைத்துக்கொண்டாள். ஊகத்தை எண்ணாக மாற்றினால் அது எண் வேஷம் போட்ட ஊகம்.

"அங்கிள், இந்தக் கெடு ஒன்பது மணி யாரு போட்டது? இது மலேசிய மணிதானே? எந்தத் தீர்மானத்துல இருக்கு?"

"ஏன்மா, அதான் முடிஞ்சிருச்சே," என்றார் பக்கிரிசாமி.

"ஒரு எண்ணை வச்சு ஒப்பிட முடியாது அங்கிள். ரெண்டு எண் வேணும். ரெண்டாவது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். எழுதி வச்சிருக்கணும், இல்லாட்டி நான் போட மாட்டேன்."

சின்னையா பெருமையாக மார்பை நிமிர்த்தினார். "நிஜக் கெடு பத்து மணிம்மா; எல்லாரும் ஒன்பதுன்னதால நானும் பழக்கத்துல ஒன்பதுன்னேன். மினிட் புக்லயே இருக்கு. 'காலை பத்து மணிக்குள்'னு. அதனாலதான் உங்க மிஷினையும் பத்து மணிக்கு ஓடச் சொன்னோம். ஒன்பதுன்னு நம்ம செயலாளர்தான் கெட்டிக்காரத்தனமாப் போட்டு வைப்பாரு. நம்ம ஜனங்க எப்படின்னு தெரியாதா? பத்துன்னா பதினொண்ணுக்கு வரும். ஒன்பதுன்னு சொன்னாத்தான் பத்துக்கு வந்து சேரும். எல்லாக் கெடுவும் அப்படித்தான். அனுபவம்மா."



பக்கிரிசாமியின் வாய்ஸ் மெசேஜ் இன்னும் பதிவாகிக்கொண்டிருந்தது. கட்டை விரலை எடுக்க மறந்திருந்தார்.

"பத்தா?" என்றாள் அமுதவள்ளி.

"ஒன்பதுன்னா பத்து," என்றார் சின்னையா, குழந்தைக்குச் சொல்வதுபோல. "பொருளாளர் இன்னும் கெட்டி. அவரு எட்டுன்னு சொல்லுவாரு."

"எனக்கு எட்டுன்னுதான் சொன்னாரு!" அமுதவள்ளி எழுந்துவிட்டாள். "நான்தான் ரசீதுல ஒன்பதுன்னு இருக்கேன்னு நிம்மதியா இருந்தேன். மூணு கெடுவா வச்சிருக்கீங்க?"

"ஒரே கெடுதான்மா. மூணு விதமாச் சொல்லுவோம்."

வாணிக்குச் சிரிப்பு வந்தது, அதோடு யாரையாவது அறையவேண்டும் போலவும் இருந்தது. லண்டன்காரன் ஒரு மணியை வருஷத்துக்கு ஒரு தடவை சட்டம் போட்டு இரண்டாக்குகிறான். இவர்கள் சட்டமே இல்லாமல் ஒவ்வொரு மணியையும் மூன்றாக்கி வைத்திருக்கிறார்கள்.

"மினிட் புக்கைக் கொண்டாங்க," என்றாள்.

கொண்டுவந்தார்கள். அலமாரிச் சாவி யாரிடம் என்பதில் பத்து நிமிஷம் போனது. அது பக்கிரிசாமியின் பாக்கெட்டிலேயே இருந்தது. நீல அட்டை போட்ட புத்தகம். தீர்மானம் இருந்தது. 'மலேசிய நேரம் காலை பத்து மணிக்குள் உறுதி செய்யப்படாத பதிவுகள் ரத்தாகும்.' முன்மொழிந்தவர் சின்னையா. வழிமொழிந்து கையெழுத்துப் போட்டவர் பக்கிரிசாமி.

"இது பழைய தீர்மானம்," என்றார் பக்கிரிசாமி. "நடைமுறையில ஒன்பதுதான். ரசீதுல ஒன்பதுன்னு அந்தப் பொண்ணுக்கே குடுத்திருக்கோம்."

"ரசீதுல போடுறது சும்மா பயமுறுத்தத்தானேய்யா," என்றார் சின்னையா, நிஜமாகவே புரியாமல். "நீதானே எனக்கு அந்த ஐடியா குடுத்த? போன மாசம் பத்து மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில அந்தப் பூச்சோங் குடும்பம் வந்தப்போ நீ தள்ளிவிட்டியா? சேர்த்துக்கிட்டோமே."

"அவங்க நாளுக்குக் காத்திருப்புல ஆள் இல்ல."

"இப்ப காத்திருப்புல நீங்க இருக்கீங்க," என்றாள் அமுதவள்ளி. "அதான் ஒன்பது நிஜ ஒன்பதாயிருச்சு."

"நான் கழகத் தலைவரா பேசலைம்மா, செயலாளராத்தான்..."

"எந்தப் பதவியில பேசறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசுங்க."

வாணி எல்லாரையும் நிறுத்தினாள். தோட்டத்துக் குரல் அவளுக்குள் எப்போதும் தயாராக இருக்கும். "அங்கிள்! ரெண்டு பேரும்! கேளுங்க. மிஷினுக்கு பயமுறுத்தத் தெரியாது. ஒன்பதுன்னா சும்மா சொல்றாங்கன்னு அதுக்குப் புரியாது. நீங்க ஒரு கணத்தைச் சொல்லணும். ஒண்ணே ஒண்ணு. தலைவர் நீங்க சொல்லுங்க, நான் எண்ணாப் போடறேன். அதுக்கப்புறம் நானே அழுதாலும் அது மாறாது."

சின்னையா புத்தகத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பக்கிரிசாமியைப் பார்த்தார், ஒரு வருத்தத்தோடு. டிரம்ஸ் அவருக்கும் பிடிக்கும்.

"எழுதினது பத்து. பத்துதான்."

1761444000, என்று தட்டினாள் வாணி. கிள்ளான் பத்து மணி, உலகப் பொது நேரம் இரண்டு மணி. பக்கத்தில் 1761442217. கணினிக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. சின்னது சின்னது.

"இருபத்தொன்பது நிமிஷம், நாற்பத்து மூணு வினாடி மிச்சம் வச்சுத் தட்டியிருக்காரு. மண்டபம் அக்காவுக்கு."

அமுதவள்ளி மேசையைச் சுற்றி வந்தாள். வாணியின் தோளை ஒரு அடி அடித்தாள். வலித்தது. அது நன்றி என்று வாணி எடுத்துக்கொண்டாள்.

பக்கிரிசாமி போனைக் காதில் வைத்து, சற்று முன் தான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டார். மூன்று நிமிஷம் பதினொரு வினாடி. கடைசியில் 'ஒன்பதுன்னு நம்ம செயலாளர்தான் கெட்டிக்காரத்தனமாப் போட்டு வைப்பாரு' என்று சின்னையாவின் குரல் தெளிவாகக் கேட்டது. கழகத்தில் நாற்பத்திரண்டு பேர் கேட்டுவிட்டார்கள் என்று நீல டிக் சொன்னது.

அப்போதுதான் சிவநேசன் கூப்பிட்டான். ஆட்டம் முடிந்துவிட்டது, தோற்றுவிட்டான். "வாணி, சரி பண்ணிட்டியா? கமிட்டிக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்துரு. காரணம் இங்கிலாந்துன்னு எழுது."

"காரணம் நேரத்தை எழுத்தா வச்சதுன்னு எழுதிட்டேன் பாஸ். வைக்கச் சொன்னது யாருன்னும் எழுதிட்டேன். நாளைக்கு எல்லாக் கெடுவையும் எண்ணா மாத்தறேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் வேற வேலை தேடணும்."

மறுமுனையில் மூச்சு வாங்கியது. ஓடியதாலா, வேறு எதனாலா தெரியவில்லை. "மாத்து லா," என்றான் கடைசியில். "ஆனா அங்கிளுக்கு எண்ணைக் காட்டாத."

"காட்டிட்டேன். போன் போட்டே பார்த்துட்டாரு."

சின்னையா இதற்குள் மினிட் புக்கில் புதிய தீர்மானம் எழுத ஆரம்பித்திருந்தார்: 'ஒரே மணி இருமுறை வரும் ஊர்களிலிருந்து இனிமேல் உறுதி ஏற்கப்படாது.' வாணி பேனாவை அவர் கையிலிருந்து மெதுவாகப் பிடுங்கினாள். அதற்குப் பதிலாக 'கெடு என்பது சொல்லப்பட்ட கெடு' என்று எழுதச் சொன்னாள். அவர் நீண்ட நேரம் யோசித்து, அது ரொம்பக் கடுமையாக இருக்கிறது, பொதுக்குழுவில்தான் முடிவு செய்யமுடியும் என்றார்.

அச்சு இயந்திரம் ரசீதை இழுத்து இழுத்துத் துப்பியது. 'உறுதி பெறப்பட்டது: 26 அக்டோபர் 2025, காலை 9:30:17, மலேசிய நேரம்.' அமுதவள்ளி அதை மேசையில் விரித்து, படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பினாள். உடனே போன் அடித்தது. மறுபடியும் லினன் ரூம்.

"வள்ளி, பார்த்தேன், பார்த்தேன்! ஆனா இதுல ஒன்பதரைன்னு போட்டிருக்கே? நான் ஒன்றரைக்குத்தானே தட்டினேன்? தப்பா இருக்கே, அவங்ககிட்ட மாத்தச் சொல்லவா?"

"கிஷன்," என்றாள் அமுதவள்ளி, "நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. போய் ஊசி போடு."